அலமாரி ஏன் காலியாக இருக்கிறது: ஒரு கம்ப்ரசர் பூலின் நிகழ்வு ஆய்வு

ஒரு மின்ரயில் நிறுவனம். 120 ரயில்கள், ஒவ்வொன்றிலும் 2 ஏர் கம்ப்ரசர்கள், ஆக ஓட்டத்தில் 240. பிரேக்கும் கதவுகளும் இவை தரும் காற்றை நம்பித்தான் இயங்குகின்றன. ஓடும்போது ஒன்று பழுதானால் மற்றொன்றை வைத்து ரயிலை டிப்போவுக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் ஒரே கம்ப்ரசருடன் மறுநாள் காலை சேவைக்கு அனுப்ப விதி இடம் தராது. அதனால் இரவிலேயே பழுதானதைக் கழற்றி, ஸ்டோர்ஸ் அலமாரியிலிருந்து நல்லதை எடுத்து மாட்டுவார்கள். கழற்றியது வெளியில் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சரியாகி மறுபடி அலமாரிக்கு வரும். இந்தச் சுற்றுக்கென்று ரயில்களில் இருப்பதற்கு மேல் கூடுதலாக வாங்கி வைத்திருக்கும் கம்ப்ரசர்கள்தான் பூல். பதிவேட்டின்படி பூலில் 9 இருந்தன.

சிக்கல் இதுதான்: அலமாரி பெரும்பாலான நாட்கள் காலி. எந்த நாளில் பார்த்தாலும் கம்ப்ரசருக்காக இரண்டு ரயில்களாவது நின்றுகொண்டிருந்தன. டிப்போக்காரர்கள் பூலை இரட்டிப்பாக்கச் சொன்னார்கள். நிதிப் பிரிவு மறுத்தது. அவர்கள் கையில் ஒர்க்‌ஷாப்பின் மாதாந்திர அறிக்கை இருந்தது: ஒப்பந்தப்படி 30 நாள், சராசரியாக எடுத்துக்கொண்டது 21 நாள், தாமதம் எதுவும் இல்லை. “வெளியே போனது சீக்கிரமாகவே திரும்புகிறது, அப்புறம் எதற்கு இன்னும் 9?” என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான்.

இந்த இழுபறியைத் தீர்க்கச் செய்த ஆய்வுதான் கீழே இருப்பது. படிக்க எளிதாக எண்களைச் சற்று முழுமையாக்கியிருக்கிறேன். அவற்றுக்கு இடையிலான உறவு அப்படியே இருக்கிறது.

9 என்ற எண் வந்த வழி

பழைய கணக்கைத் தேடி எடுத்தோம். ஆண்டுக்கு 73 கம்ப்ரசர்கள் பழுதாகிக் கழற்றப்படும், அதாவது நாளுக்கு 0.2. ஒவ்வொன்றும் 30 நாள் வெளியே இருக்கும். எனவே எப்போதும் சராசரியாக 0.2 × 30 = 6 கம்ப்ரசர்கள் வெளியே இருக்கும். அதற்கு மேல் பாதுகாப்புக்காக 50 சதவீதம் கூட்டினால் 9.

இந்த முறையில் அடிப்படைப் பிழை இல்லை. பழுதாகும் வேகத்தை ஒரு சுற்றுக்கு ஆகும் காலத்தால் பெருக்கினால் சுற்றில் சராசரியாக எத்தனை இருக்கும் என்பது கிடைக்கும். அதற்கு மேல் வைப்பது ஏற்ற இறக்கத்துக்காக. வேகம், காலம், ஏற்ற இறக்கம் ஆகிய மூன்றையும் எங்கிருந்து எடுத்தார்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது. அதற்கும் முன்னால் இன்னொரு வேலை இருந்தது.

முதலில் எண்ணிப் பார்ப்பது

பூலில் 9 என்று பதிவேடு சொன்னால் 9 இருக்கிறதா? ரயில்களில் இருக்கும் 240 சீரியல் நம்பர்கள், அலமாரியில் இருப்பவை, போக்குவரத்தில் இருப்பவை, ஒர்க்‌ஷாப்பில் இருப்பவை என எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினோம். ரயிலில் காலியாக இருக்கும் இடங்களைக் கழித்துப் பார்த்தால் கூட்டுத்தொகை 249 வர வேண்டும். 248தான் வந்தது.

விடுபட்டது எது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஒரு கம்ப்ரசரின் உறையில் விரிசல் விழுந்து, சரிசெய்ய இயலாது என்று ஒர்க்‌ஷாப் ஒரு வருடத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தது. அந்தக் கடிதம் டிப்போவுக்கு வந்தது. ஸ்டோர்ஸ் பதிவேட்டில் மட்டும் அது இன்றுவரை “ரிப்பேரில்” என்றே இருந்தது. பழுதுபார்த்துச் சுழலும் ஸ்பேர்களில் இது சர்வ சாதாரணம். வாங்கித் தீரும் பொருளாக இருந்தால் கையிருப்பு குறைவது தெரிந்துவிடும். சுழலும் பொருளோ கழிக்கப்பட்ட பிறகும் “வெளியே இருக்கிறது” என்ற பெயரில் பதிவேட்டில் உயிரோடு இருந்துகொண்டிருக்கும். ஒர்க்‌ஷாப்பின் வழக்கமான காலத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் வெளியே இருப்பதாகப் பதிவேடு காட்டும் எந்தச் சீரியல் நம்பரையும் நேரில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

ஆக, நிஜமான பூல் 8.

எத்தனை பழுதாகின்றன

பராமரிப்புப் பதிவில் ஓராண்டில் கம்ப்ரசர் கழற்றியதாக 91 பதிவுகள் இருந்தன. பழைய கணக்கில் இருந்த 73ஐ விட மிக அதிகம். பழுது கூடிவிட்டது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அலமாரி காலியாக இருந்தால் டிப்போவில் என்ன நடக்கும் என்று அங்கே ஒரு இரவு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வேறு காரணத்துக்காக ஏற்கெனவே நிற்கும் ரயிலிலிருந்து நல்ல கம்ப்ரசரைக் கழற்றி, காலையில் போக வேண்டிய ரயிலில் மாட்டிவிடுவார்கள். அந்தக் கழற்றலும் பதிவில் ஏறும். ஆனால் அந்தக் கம்ப்ரசர் பழுதானதல்ல, ஒர்க்‌ஷாப்புக்கும் போகவில்லை.

இவற்றைப் பிரித்தெடுப்பது எளிது. ஒரு சீரியல் நம்பர் ஒரு ரயிலிலிருந்து கழற்றப்பட்டு, நடுவில் ஒர்க்‌ஷாப் ஆர்டர் எதுவும் இல்லாமல், அன்றோ மறுநாளோ இன்னொரு ரயிலில் மாட்டப்பட்டிருந்தால் அது இடம் மாற்றியது. அப்படி 18 இருந்தன. அவற்றைக் கழித்தால் 73. பழைய எண் சரியாகவே இருந்தது.

இதைக் கவனிக்காமல் 91ஐ அப்படியே எடுத்திருந்தால் பூல் தேவைக்கு மேல் பெருத்திருக்கும். இதில் ஒரு விஷமமான சுழற்சி உண்டு: பற்றாக்குறை வந்தால் இடம் மாற்றுவது கூடும், அதனால் பதிவில் தேவை கூடியதாகத் தெரியும்.

அடுத்து, இந்த 73 எப்படிப் பரவியிருக்கிறது என்பது. மாதவாரியாக 5, 8, 3, 7, 6, 9, 4, 6, 10, 3, 7, 5. பத்து வந்த மாதத்தில் டிப்போவில் பெரிய கூட்டமே போட்டிருக்கிறார்கள். தேவையில்லை. தனித்தனியாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் பழுதாகும் பொருட்களின் எண்ணிக்கை பாய்சான் பரவலைப் பின்பற்றும். அதில் சராசரியும் மாறுபாடும், அதாவது வேரியன்ஸும், ஏறக்குறைய சமமாக இருக்கும். இங்கே சராசரி 6.1, மாறுபாடு 5. பாய்சான் என்று எடுத்துக்கொள்ளத் தடையில்லை. மாறுபாடு சராசரியைப் போல இரண்டு மடங்கு வந்திருந்தால் பருவகாலமோ, மோசமான ஒரு தொகுதி உதிரிபாகமோ பின்னால் இருக்கிறதா என்று தேடியிருக்க வேண்டும்.

எத்தனை நாள் வெளியே இருக்கின்றன

கதையின் முடிச்சு இங்கேதான் இருந்தது. பழைய கணக்கில் இருந்த 30 நாள், ஒப்பந்தத்திலிருந்து எடுத்தது. ஒப்பந்தத்தில் கடிகாரம் ஓடத் தொடங்குவது ஒர்க்‌ஷாப் வாசலில் கம்ப்ரசர் இறங்கும்போது. நிற்பது அங்கிருந்து அனுப்பும்போது. நடுவில் எஸ்டிமேட் அனுப்பிவிட்டு ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் நாட்கள் கணக்கில் சேராது. ஒர்க்‌ஷாப்பின் பார்வையில் இது நியாயம். வாடிக்கையாளர் பதில் சொல்லாத நாளுக்கு அவர்கள் எப்படிப் பொறுப்பாக முடியும்?

ஆனால் ரயிலின் பார்வையில் கடிகாரம் வேறு. கம்ப்ரசரை ரயிலிலிருந்து கழற்றிய கணத்தில் அது தொடங்குகிறது. சரியாகி, சோதித்து, எடுத்து மாட்டலாம் என்ற நிலையில் அலமாரியில் ஏறும்போதுதான் நிற்கிறது. இடையில் யார் தாமதித்தார்கள் என்பது பூலுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

அந்தக் கடிகாரத்தை அளக்க எந்தக் கணினி அறிக்கையும் உதவவில்லை. உதவியது கம்ப்ரசரின் தூக்கும் வளையத்தில் கம்பியால் கட்டியிருக்கும் டேக்தான். கழற்றிய தேதி, ரயில் எண், சீரியல் நம்பர், அறிகுறி ஆகியவற்றை டெக்னீஷியன் பேனாவால் எழுதிக் கட்டியிருப்பார். அதே டேக்கின் பின்புறம் ஸ்டோர்ஸ் அனுப்பிய தேதியும், ஒர்க்‌ஷாப்பின் வரவு முத்திரையும் இருக்கும். எண்ணெய் ஊறிப் பழுப்பான ஒரு டேக்கில் முன்புறத் தேதிக்கும் பின்புறத்தின் முதல் தேதிக்கும் இடையே 16 நாள். அந்த 16 நாளும் கம்ப்ரசர் டிப்போவை விட்டு நகரவே இல்லை. நிதிப் பிரிவிலிருந்து வந்தவர் அந்த டேக்கை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

டேக்குகளையும் ஒர்க்‌ஷாப் தாள்களையும் சேர்த்து வைத்துப் பார்த்ததில் ஒரு சுற்றின் சராசரி இப்படி அமைந்தது. கழற்றியதிலிருந்து லாரியில் ஏறும்வரை 9 நாள். பயணம் 4. ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் பார்த்து எஸ்டிமேட் போட 6. எஸ்டிமேட்டுக்கு ஒப்புதல் கிடைக்க 11. ரிப்பேரும் சோதனையும் 15. திரும்பி வர 6. டிப்போவில் வரவுச் சோதனை முடிந்து அலமாரி ஏற 4. மொத்தம் 55 நாள்.

ஒர்க்‌ஷாப்பின் பங்கு இதில் 6 + 15 = 21. அவர்கள் அறிக்கை சொன்னது பொய்யில்லை. 55 நாளில் 34 நாள் அவர்கள் கடிகாரத்துக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கணக்கு என்ன சொல்கிறது

0.2 × 55 = 11. சுற்றில் சராசரியாக 11 கம்ப்ரசர்கள். கையில் இருக்கும் பூல் 8. அலமாரி காலியாக இருப்பதில் மர்மம் எதுவும் இல்லை.

சராசரியோடு நிறுத்தாமல் ஏற்ற இறக்கத்தையும் சேர்க்க ஒரு பழைய தேற்றம் கைகொடுக்கிறது. சுவீடனைச் சேர்ந்த தொலைபேசிப் பொறியாளர் கான்னி பால்ம் 1938இல் தொலைபேசி இணைப்புகளுக்காக நிறுவியது. பழுதுகள் பாய்சான் முறையில் வந்து, ஒவ்வொன்றின் சுற்றுக்காலமும் மற்றதைச் சாராமல் இருந்தால், ஏதோ ஒரு கணத்தில் சுற்றில் இருக்கும் எண்ணிக்கையும் பாய்சான்தான். அதன் சராசரி, வேகம் பெருக்கல் சராசரிக் காலம். சுற்றுக்காலம் எப்படிச் சிதறிக் கிடந்தாலும் பரவாயில்லை, சராசரி தெரிந்தால் போதும். நடைமுறையில் இது பெரிய வரம். டேக்கிலிருந்து சராசரியை எடுக்க முடியும், முழுப் பரவலை எடுப்பது பெரும்பாடு. விமான உதிரிபாகங்களுக்காக ராண்ட் நிறுவனத்தில் ஷெர்புரூக் உருவாக்கி 1968இல் வெளியான மெட்ரிக் என்ற மாதிரியும் இந்த அடித்தளத்தில் நிற்பதே.

இதை வைத்து இரண்டு விஷயங்களைக் கேட்கலாம். ஒன்று, கம்ப்ரசர் கேட்டு வரும்போது அலமாரியில் இருக்க வாய்ப்பு எவ்வளவு? இரண்டு, எந்த நேரத்திலும் சராசரியாக எத்தனை கம்ப்ரசர்கள் தட்டுப்பாட்டில் இருக்கும், அதாவது ரயிலில் எத்தனை இடங்கள் காலியாக இருக்கும்? இரண்டில் எனக்குப் பிடித்தது இரண்டாவது. முதல் கேள்விக்கு, ஒரு நாள் காத்திருந்தாலும் தோல்விதான், ஒரு மாதம் காத்திருந்தாலும் தோல்விதான். இரண்டாவது, காத்திருந்த காலத்தையும் சேர்த்தே அளக்கிறது. ஓட்டப் பிரிவு கவலைப்படுவதும் அதைப் பற்றித்தான்.

சராசரி 11, பூல் 8 என்று போட்டால் தட்டுப்பாடு 3.3 வருகிறது. ஆனால் நின்ற ரயில்கள் இரண்டு சொச்சம்தானே? முரண்பாடு இல்லை. இடம் மாற்றி மாட்டுவதால் காலி இடங்களை ஒரே ரயிலில் குவித்துவிடுகிறார்கள். ஒரு ரயிலில் இரண்டு கம்ப்ரசர்கள் என்பதால் மூன்று நான்கு காலி இடங்கள் இரண்டு ரயில்களில் அடங்கிவிடும். கணக்கும் கள நிலவரமும் ஒத்துப்போனது இங்கேதான் உறுதியானது. மாதிரி சொல்லும் இன்றைய நிலை, கண்ணால் பார்க்கும் இன்றைய நிலையோடு ஒட்டாவிட்டால், அதே மாதிரியை வைத்து நாளைக்கு எத்தனை வாங்குவது என்று முடிவு செய்யக் கூடாது.

பழைய திட்டத்தில் எதிர்பார்த்தது என்ன என்பதையும் போட்டுப் பார்த்தோம். சராசரி 6, பூல் 9 என்றால் தட்டுப்பாடு 0.16. திட்டம் போட்டவர்கள் மோசமாகத் திட்டமிடவில்லை. அவர்களுக்குக் கிடைத்த 30 நாள்தான் தவறான இடத்திலிருந்து வந்தது.

பாதுகாப்புக்கு 50 சதவீதம் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அது இங்கே தற்செயலாகப் பொருந்தியது. பாய்சானில் சிதறல் சராசரியின் வர்க்கமூலத்தைப் போல வளரும். சுற்றில் சராசரியாக 1 மட்டுமே இருக்கும் பொருளுக்கு 50 சதவீதம் கூட்டி 2 வைத்தால், கேட்கும்போது கிடைக்கும் வாய்ப்பு 74 சதவீதம்தான். சராசரி 60 உள்ள பொருளுக்கு 90 வைப்பதோ வீண். எல்லா ஸ்பேர்களுக்கும் ஒரே சதவீதம் என்ற விதி, விலை உயர்ந்த மெதுவான பொருட்களில் தட்டுப்பாட்டையும் வேகமாகச் சுழலும் பொருட்களில் குவியலையும் ஒரே நேரத்தில் உண்டாக்கும்.

வாங்குவதா, சுருக்குவதா

ஓட்டப் பிரிவுடன் பேசி ஒரு இலக்கை வைத்தோம்: சராசரித் தட்டுப்பாடு 0.15க்கு மேல் போகக் கூடாது. ஆண்டுக்கு ஏறக்குறைய 55 கம்ப்ரசர்-நாள் வரை காலி இடம் இருக்கலாம் என்று பொருள். இருந்த நிலையில் அது ஆண்டுக்கு 1,200.

சுற்று 55 நாளாகவே இருந்தால் இந்த இலக்குக்கு 16 கம்ப்ரசர்கள் வேண்டும், தட்டுப்பாடு 0.12. கையில் 8 இருப்பதால் வாங்க வேண்டியது 8. டிப்போ கேட்ட 9க்கு மிக அருகில். அவர்கள் கணக்கு எதுவும் போடாமல் வயிற்றெரிச்சலில் சொன்ன எண் அது, இருந்தாலும் கிட்டத்தட்டச் சரி.

சுற்றைச் சுருக்கினால்? 55 நாளில் எங்கே கை வைக்கலாம் என்று பார்த்தோம். ரிப்பேரின் 15 நாளைத் தொடவில்லை. அங்கே பேரிங், வால்வு, பிஸ்டன் வளையம் மாற்றி நீண்ட நேரம் ஓட்டிச் சோதிக்கிறார்கள். அவசரப்படுத்தினால் திரும்பி வரும் கம்ப்ரசர் சீக்கிரமே மறுபடி கழன்று வரும்.

எஸ்டிமேட் ஒப்புதலின் 11 நாள்தான் முதல் குறி. ஒவ்வொரு எஸ்டிமேட்டும் மூன்று மேசைகளைக் கடந்தது. கடந்த 73 எஸ்டிமேட்டில் நிராகரிக்கப்பட்டது ஒன்றுகூட இல்லை. எப்போதும் ஒப்புக்கொள்ளப்படும் ஒன்றுக்கு 11 நாள் ஒப்புதல் என்பது கம்ப்ரசரைச் சும்மா உட்கார வைக்கும் ஏற்பாடு. புதிய கம்ப்ரசரின் விலையில் ஒரு குறிப்பிட்ட பங்குக்குள் எஸ்டிமேட் இருந்தால் கேட்காமலே வேலையைத் தொடங்கலாம், அதற்கு மேல் போனால் மட்டும் கேட்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பத்தி சேர்த்தால், சராசரி 2 நாளாக இறங்கும். மிச்சம் 9.

இரண்டாவது, டிப்போவில் லாரிக்காகக் காத்திருக்கும் 9 நாள். நான்கு கம்ப்ரசர்கள் சேர்ந்தால்தான் லாரி என்பது வழக்கம், வாடகை மிச்சம் என்று. ஐந்து நாளுக்கு ஒன்று பழுதாகும் இடத்தில் முதலில் வந்தது 15 நாள் காத்திருக்கும், அடுத்தது 10, அடுத்தது 5, கடைசி உடனே கிளம்பும். சராசரி 7.5 நாள். மீதி ஒன்றரை நாள் தாள் வேலை. இரண்டு சேர்ந்ததும் அனுப்பினால் காத்திருப்பு 2.5 நாளாகும். மிச்சம் 5. லாரிப் பயணம் ஆண்டுக்கு 18இலிருந்து 36 ஆகும். கூடுதல் 18 பயணத்தின் செலவு கண்ணுக்குத் தெரியும். ஐந்து நாள் காத்திருப்பு பூலில் ஒரு முழுக் கம்ப்ரசரைத் தின்கிறது என்பது (0.2 × 5 = 1) எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தெரியாது. அதனால்தான் நான்கு சேரும்வரை காத்திருப்பது சிக்கனமாகத் தோன்றியது.

டிப்போவின் வரவுச் சோதனையில் ஒரு நாள் குறைத்தோம். ஆக 15 நாள் குறைந்து சுற்று 40 நாள், சராசரி 8. அப்போது 12 கம்ப்ரசர்களில் தட்டுப்பாடு 0.13. கேட்கும்போது கிடைக்கும் வாய்ப்பு 89 சதவீதம். எந்த விரிதாளிலும் சரிபார்க்கலாம். முதல் வரி கிடைக்கும் வாய்ப்பு, இரண்டாவது தட்டுப்பாடு:

```
=POISSON.DIST(11,8,TRUE)
=8*(1-POISSON.DIST(11,8,TRUE))-12*(1-POISSON.DIST(12,8,TRUE))
```

55 நாளில் 16 வைப்பதும் 40 நாளில் 12 வைப்பதும் ரயிலுக்குக் கிட்டத்தட்ட ஒன்றே. நான்கு கம்ப்ரசர்களின் விலை, ஒரு பத்தி ஒப்பந்தத் திருத்தத்திலும் 18 லாரிப் பயணத்திலும் அடங்கிவிட்டது. அதைவிட முக்கியமானது இன்னொன்று. புதிய கம்ப்ரசர் ஆர்டர் செய்தால் வர 8 மாதம் ஆகும். சுற்றைச் சுருக்குவதோ ஓரிரு மாதத்தில் பலன் தரும். ஒன்றுகூட வாங்காமல், இருக்கும் 8ஐ வைத்தே சுற்று 40 நாளானால் தட்டுப்பாடு 3.3இலிருந்து 1.1 ஆக இறங்கும். நிதிப் பிரிவு தலையாட்டியது இந்த வரியைப் பார்த்துத்தான்.

கழிவாகும் கம்ப்ரசர்கள்

ஆண்டுக்கு 73இல் சுமார் 4 சரிசெய்ய முடியாமல் கழிக்கப்படுகின்றன. கழித்த பிறகு ஆர்டர் போடுவது பழைய வழக்கம். ஒவ்வொன்றுக்கும் 8 மாதக் காத்திருப்பு என்றால், எப்போதும் சராசரியாக 2.7 கம்ப்ரசர்கள் “ஆர்டரில்” இருக்கும். 12 என்று கணக்கிட்டு வாங்கிய பூல் நிஜத்தில் ஒன்பது சொச்சமாக ஓடும். ஆர்டர் போட மறந்தால் ஆண்டுக்கு நான்காகக் கரையும்.

இதைப் பூலைப் பெருக்கிச் சமாளிக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு நான்கு போகும் என்று தெரிந்த பிறகு கழிவு வரட்டும் என்று ஏன் காத்திருக்க வேண்டும்? அரையாண்டுக்கு 2 என்று முன்கூட்டியே ஆர்டர் போட்டு, வரும்போது பூலில் சேர்த்து, ஆண்டு முடிவில் எண்ணிப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். கழிவுக் கடிதம் வந்ததும் சீரியல் நம்பரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் பொறுப்பு ஸ்டோர்ஸில் ஒரே ஒருவருக்கு என்று முடிவானது.

கணக்கு எங்கே தவறலாம்

பால்மின் தேற்றம், ஒவ்வொரு கம்ப்ரசரின் காலமும் மற்றதைச் சாராது என்கிறது. ஒர்க்‌ஷாப்பில் சோதனை மேடை ஒன்றுதான் என்றால் அப்படி இருக்காது. பழுது கூடும் மாதத்தில் எல்லாமே வரிசையில் நிற்கும். தேவை கூடும் அதே நேரத்தில் சுற்றும் நீளும், தட்டுப்பாடு கணக்கைத் தாண்டிப் போகும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: ஒவ்வொரு மாதமும் உள்ளே போன எண்ணிக்கையையும், அந்த மாதத்தில் போனவை எடுத்துக்கொண்ட நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கினால் அங்கே வரிசை இருக்கிறது. எங்கள் பதிவில் அப்படித் தெரியவில்லை. பத்து போன மாதத்திலும் ரிப்பேர் 15 நாளை ஒட்டியே இருந்தது. நான்கு நான்காகக் கொண்டுபோய் இறக்குவதை நிறுத்தியது இந்த வகையிலும் நல்லதே.

இன்னொன்று, 73இல் 11 “குறை எதுவும் இல்லை” என்ற குறிப்போடு திரும்பியவை. அழுத்த சுவிட்ச் ஒட்டிக்கொண்டாலோ காற்று உலர்த்தியின் வால்வு கசிந்தாலோ காற்றழுத்தம் ஏறாது. இரவு நேரத்தில் எளிய வழியாகக் கம்ப்ரசரையே மாற்றிவிடுகிறார்கள். நல்ல கம்ப்ரசர் ஒரு முழுச் சுற்று போய் வருகிறது. உண்மையான குறை ரயிலிலேயே இருக்க, அதே ரயில் எண் சில வாரத்தில் இன்னொரு டேக்கில் தென்படும். கழற்றும் முன் சுவிட்சையும் வால்வையும் சோதிக்கும் ஒரு பக்கத் தாள் கொடுத்திருக்கிறோம். அது முழுமையாகப் பலித்தால் 73 என்பது 62 ஆகும், சராசரி 6.8க்கு இறங்கும், பூலில் ஒன்று குறையலாம். பலிக்கும்வரை கணக்கில் சேர்க்கவில்லை. நடக்கப்போகும் முன்னேற்றத்தை நம்பி இன்றைக்கே பூலைக் குறைப்பது எனக்கு ஒப்புதல் இல்லாத வேலை.

இரண்டு டிப்போ, ஒரு பூல்

எண்ணிக்கை ஒப்புக்கொள்ளப்பட்டதும் புதிய சண்டை. டிப்போக்கள் இரண்டு. ஆளுக்கு ஆறாகப் பிரித்துக் கொடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள் இரு தரப்பும். நியாயமாகத் தோன்றும் பங்கீடு. கணக்கில் ஒவ்வொரு டிப்போவுக்கும் சராசரி 4, பூல் 6, தட்டுப்பாடு 0.195. இரண்டும் சேர்ந்து 0.39. ஒரே பூலாக 12 வைத்தால் 0.13. அதே கம்ப்ரசர்கள், பிரித்து வைத்ததால் மட்டும் மூன்று மடங்கு தட்டுப்பாடு. ஒரு டிப்போவில் இரண்டு சும்மா இருக்க, மற்றதில் ரயில் நிற்கும். இரண்டு அலமாரிகளிலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் யாருடையது என்ற கேள்வி கிடையாது, கேட்ட இரவே மற்ற டிப்போ கொடுத்தாக வேண்டும் என்று முடிவானது. ஒருவர் அரை மனதோடுதான் கையெழுத்திட்டார்.

இறுதியில் வாங்கியது

ஒப்பந்தத் திருத்தம் நடந்து, இரண்டிரண்டாக அனுப்பத் தொடங்கிய பிறகு டேக்குகளை மறுபடி அளந்தோம். 40 என்று எதிர்பார்த்த சுற்று 43இல் நின்றது. வரம்பைத் தாண்டும் எஸ்டிமேட்டுகள் இன்னும் பழைய மூன்று மேசைகளைத்தான் கடக்கின்றன, அவை சராசரியை இழுக்கின்றன. 43 நாள் என்றால் சராசரி 8.6. அப்போது 12இல் தட்டுப்பாடு 0.21, இலக்குக்கு வெளியே. 13இல் 0.11. மூன்று நாள், ஒரு கம்ப்ரசர்.

ஒப்புதல் மேசைகளைக் குறைக்க இன்னொரு முயற்சி செய்யலாம் என்று சிலர் சொன்னார்கள். செய்யட்டும். ஆர்டர் 5 கம்ப்ரசர்களுக்குப் போனது, கழிவுக்கான அரையாண்டு 2 தனி. பூல் எண் இனி ஆண்டுக்கு ஒருமுறை, டேக்கிலிருந்து எடுத்த நாட்களை வைத்து மட்டுமே மாற்றப்படும். ஒர்க்‌ஷாப் அறிக்கையின் 21 நாள் அந்தத் தாளில் இடம்பெறாது.